படிக்கப்படாத அறிக்கைகள்

2023ஆம் ஆண்டு மே மாதத்தில் எங்கள் ஒன்றியத்தைச் சேர்ந்த ஒரு குக்கிராமத்தில் பதினொரு நாட்கள் குழாயில் தண்ணீர் வரவில்லை. ஆழ்துளைக் கிணற்றின் மின்மோட்டார் எரிந்து போயிருந்தது. ஏறத்தாழ அறுபது வீடுகளைச் சேர்ந்த பெண்கள், ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவிலிருந்த ஒரு விவசாயக் கிணற்றிலிருந்து தண்ணீர் சுமந்து வந்தார்கள். பன்னிரண்டாம் நாள் காலையில் அவர்கள் காலிக் குடங்களுடன் ஒன்றிய அலுவலகத்துக்கு வந்து அமர்ந்துவிட்டார்கள். "எங்களுக்குத் தகவல் வரவில்லையே, அம்மா" என்று சொல்ல நான் வாயெடுத்தேன். நல்லவேளையாகச் சொல்லிவிடவில்லை. ஏனெனில் தகவல் வந்திருந்தது.

நாள்தோறும் காலை 6 மணிக்கு அலுவலகக் கணினி, யாருடைய கையும் படாமல், குடிநீர் அறிக்கை ஒன்றைத் தயாரித்து மின்னஞ்சலில் அனுப்பி வந்தது. ஒன்றியத்திலுள்ள மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிகள் அனைத்தும், முந்திய நாளில் ஒவ்வொன்றுக்கும் எத்தனை மணி நேரம் நீர் ஏற்றப்பட்டது என்ற விவரமும் அதில் இருக்கும். ஏழு பக்கங்கள். நான்காம் பக்கத்தில் அந்தக் குக்கிராமத் தொட்டியின் பெயருக்கு நேரே, பதினொரு நாட்களும் தவறாமல் 0 என்று பதிவாகியிருந்தது. அவ்வறிக்கை 38 ஊராட்சிச் செயலர்களுக்கும் எட்டு அலுவலர்களுக்குமாக 46 பேருக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த எட்டு அலுவலர்களில் நானும் ஒருவன்.

மோட்டார் மறுநாளே மாற்றப்பட்டது. ஆனால் அன்று எழுந்த கேள்வி எளிதில் தீரவில்லை. 46 பேருக்கு அனுப்பப்படும் ஓர் அறிக்கையை உண்மையில் எத்தனை பேர் திறந்து பார்க்கிறார்கள்? இதே கணினி வேறு என்னென்ன அறிக்கைகளை அனுப்பிக்கொண்டிருக்கிறது? அவற்றை யார் படிக்கிறார்கள்?

இருபத்தாறு அறிக்கைகள்

முதலில் எண்ணிப் பார்த்தோம். 26 அறிக்கைகள் தாமாகவே புறப்பட்டுச் சென்றுகொண்டிருந்தன. இவை எவ்வாறு பெருகுகின்றன என்பதைச் சற்று விளக்க வேண்டும். ஓர் ஆய்வுக் கூட்டத்தில் மேலதிகாரி ஒருவர் ஒரு விவரம் கேட்கிறார். கணினி இயக்குபவர் அதற்கு ஒரு சிறு நிரல் எழுதி, "இனி நாள்தோறும் வந்துவிடும், ஐயா" என்கிறார். அதிகாரி மாற்றலாகிப் போகிறார். நிரல் மாற்றலாவதில்லை. காகிதத்தில் அறிக்கை தயாரித்த நாட்களில் ஓர் எழுத்தர் அரைநாள் உழைக்க வேண்டியிருந்தது. ஆகவே யாருக்கும் பயன்படாத அறிக்கையை அவரே ஒருநாள் "இது இன்னும் வேண்டுமா?" என்று கேட்டு நிறுத்தச் செய்துவிடுவார். கணினி அவ்வாறு கேட்பதில்லை. அதற்குச் சலிப்பும் இல்லை.

அறிக்கை தானாக வருவதால் செலவில்லை என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் அதற்குரிய விவரங்கள் தாமாக வருவதில்லை. தொட்டி இயக்குபவரும் ஊராட்சிச் செயலரும் மாலைதோறும் அவற்றைக் கைப்பேசியில் பதிவு செய்ய வேண்டும். இதைவிடப் பெரிய இழப்பு மற்றொன்று உண்டு. காலையில் பத்து அறிக்கைகள் வந்து குவியும் அஞ்சற் பெட்டியில், படிக்க வேண்டிய ஓர் அறிக்கை மற்ற ஒன்பதுடன் சேர்ந்து புதைந்து போகிறது. எங்கள் குடிநீர் அறிக்கைக்கு நேர்ந்தது அதுதான்.

திறந்தவர் யார் என்று அறிவது எப்படி?

இதற்கு நாங்கள் முதலில் கையாண்ட முறை தவறாக முடிந்தது. மின்னஞ்சலுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு புள்ளிப்படத்தை வைப்பது அம்முறை. கடிதத்தைத் திறந்தால் அப்படம் நம் கணினியிலிருந்து எடுக்கப்படும். எடுக்கப்பட்ட நேரம் பதிவாகும். விளம்பரக் கடிதம் அனுப்புவோர் நெடுங்காலமாகக் கையாளும் முறை இது. ஆனால் இதன் கணக்கை இன்று நம்ப இயலாது. ஜிமெயில் 2013 முதல் படங்களைத் தன்னுடைய கணினிகள் வாயிலாகவே எடுத்துத் தருகிறது. ஒருமுறை எடுத்ததைத் தன்னிடம் வைத்துக்கொள்வதால், இரண்டாம் முறை திறந்தது நமக்குத் தெரியாமல் போகலாம். ஆப்பிள் நிறுவனத்தின் அஞ்சற் செயலியோ, 2021இல் வந்த பாதுகாப்பு ஏற்பாட்டின்படி, உரியவர் கடிதத்தைத் தொடாவிட்டாலும் படத்தைத் தானே எடுத்துவிடுகிறது. படம் காட்ட வேண்டாம் என்று அமைத்துக்கொண்டவர் கடிதத்தை முழுவதும் படித்தாலும் கணக்கில் வரமாட்டார். படிக்காதவர் படித்தவராகவும், படித்தவர் படிக்காதவராகவும் தோன்றும் கணக்கால் என்ன பயன்?

ஆகவே ஜூலை மாதத்தில் முறையை மாற்றினோம். அறிக்கையை மின்னஞ்சலுடன் இணைத்து அனுப்புவதை நிறுத்தினோம். அதை அலுவலகக் கணினியிலேயே வைத்து, அதைத் திறப்பதற்கான இணைப்பை மட்டும் அனுப்பினோம். 46 பேருக்கும் வெவ்வேறு இணைப்புகள். ஒவ்வொன்றிலும் பெறுபவரின் எண் இருக்கும். யார் அதை அழுத்தினாலும் எந்த எண், எந்த அறிக்கை, எந்த நேரம் என்பது கணினியின் வருகைப் பதிவேட்டில் ஒரு வரியாக விழும். இவ்வாறு குறித்து வைக்கப்போகிறோம் என்பதை முன்கூட்டியே எல்லோருக்கும் எழுத்தால் அறிவித்தோம். மறைந்திருந்து பார்ப்பது முறையன்று.

வருகைப் பதிவேட்டில் ஒரு நாளைய மூன்று வரிகளை மட்டும் இங்கே காட்டுகிறேன்.

```
06:02:04  kudineer  17  HEAD
09:41:50  kudineer  17  GET
09:44:12  kudineer  17  GET  WhatsApp
```

17 என்பது ஒரு செயலரின் எண். முதல் வரியைப் பாருங்கள். மின்னஞ்சல் புறப்பட்ட நான்காம் விநாடியில் யாரோ வந்திருக்கிறார்கள். அது மனிதர் அன்று. கடிதத்திலுள்ள இணைப்பு தீங்கானதா என்று சோதிக்கும் அஞ்சற் காவல் நிரல். `HEAD` என்பது, பக்கத்தைக் கேளாமல் அதன் முகப்புத் தகவலை மட்டும் கேட்பது. சில காவல் நிரல்கள் மனிதரைப் போலவே `GET` என்று முழுப்பக்கத்தையும் கேட்கும் என்பதால், அச்சொல்லை மட்டும் நம்பாமல் நேரத்தையும் பார்க்க வேண்டும். அனுப்பிய முதல் இரண்டு நிமிடங்களில் வந்த வருகைகளை நாங்கள் கணக்கில் சேர்க்கவில்லை. விடியுமுன்னே கைப்பேசியைக் கையிலேந்தும் ஓரிருவர் இதனால் விடுபட்டிருக்கலாம்; அதைப் பொறுத்துக்கொண்டோம்.

இரண்டாம் வரிதான் உண்மையான வாசகர். மூன்றாம் வரியை முதலில் பிழை என்று கருதி நீக்கிவிட்டோம். பிறகுதான் அதன் பொருள் விளங்கியது. இணைப்பை வாட்ஸாப்பில் ஒட்டும்போது, அச்செயலி அந்தப் பக்கத்தின் முன்தோற்றத்தைக் காட்டுவதற்காக அதை ஒருமுறை எடுத்துப் பார்க்கிறது. எனவே அவ்வரி, 17ஆம் எண்ணுக்குரிய செயலர் தாம் படித்தபின் இணைப்பைப் பிறருக்கு அனுப்ப முற்பட்டார் என்பதைச் சொல்கிறது. ஓர் அறிக்கைக்கு இதைவிடச் சிறந்த நற்சான்று வேறில்லை. ஆனால் அதன்பின் அந்த இணைப்பை அவ்வூர் வார்டு உறுப்பினர் திறந்தாலும் 17 என்ற எண்ணிலேயே பதிவாகும். பதிவேடு இணைப்பை அறியுமேயன்றி, அதைப் பிடித்திருக்கும் கையை அறியாது.

திறந்தவர் படித்தாரா என்பது அடுத்த கேள்வி. இதற்காக முதற்பக்கத்தில் சுருக்கத்தை மட்டும் வைத்து, ஊராட்சிவாரியான விவரத்தை இரண்டாம் பக்கத்துக்கு மாற்றினோம். தம் ஊராட்சியின் பெயரை அழுத்தி உள்ளே சென்றவரைப் படித்தவர் என்று கொண்டோம். இது முழு உண்மை அன்று. ஆனால் வெறுமனே திறந்தார் என்பதைவிட உண்மைக்கு நெருக்கமானது.

நான் செய்த பிழை

ஆகஸ்டு மாதக் கூட்டத்தில் அறிவீனமாக ஒன்று செய்தேன். அறிக்கைகளைத் திறக்காத செயலர்களின் பெயர்களை எல்லோர் முன்னிலையிலும் படித்தேன். மறுநாள் காலை 9.15 மணிக்குள் 38 செயலர்களும் எல்லா அறிக்கைகளையும் திறந்திருந்தார்கள். எனக்கு அளவற்ற மகிழ்ச்சி. கணினி இயக்குபவர்தாம் பதிவேட்டைக் கொண்டுவந்து காட்டினார். பதினொரு செயலர்களின் இணைப்புகள் ஒரே கைப்பேசியிலிருந்து, ஒன்றன்பின் ஒன்றாக, மூன்று நிமிடத்துக்குள் திறக்கப்பட்டிருந்தன. அவர்கள் தங்கள் இணைப்புகளைத் தங்களுள் ஓர் இளைஞரிடம் ஒப்படைத்துவிட்டார்கள்! ஏனையோரில் பெரும்பாலோர் இரண்டாம் பக்கத்துக்குச் செல்லவே இல்லை.

குற்றம் அவர்களுடையது அன்று, என்னுடையது. அறிக்கையைப் பரீட்சிக்க வைத்த கருவியை மனிதரைப் பரீட்சிக்கும் கருவியாக மாற்றிவிட்டேன். மாற்றிய அன்றே அது கெட்டுவிட்டது. செப்டம்பர் கூட்டத்தில் என் தவற்றை ஒப்புக்கொண்டு, திறக்காததற்காக யாரிடமும் விளக்கம் கேட்கப்படமாட்டாது என்று எழுதிக் கொடுத்தேன். அதன்பின் கணக்கு மெல்ல மெல்ல இயல்புக்குத் திரும்பியது. ஆகஸ்டு, செப்டம்பர் ஆகிய இரு மாதங்களின் பதிவுகளை முழுவதும் ஒதுக்க வேண்டியதாயிற்று.

எத்தனை நாட்கள் பார்ப்பது?

ஒரு மாதம் பார்த்துவிட்டு முடிவு செய்வது பெரும்பிழை. ஊராட்சி வரவு செலவு அறிக்கையை ஜூலை மாதத்தில் எவரும் திறக்கவில்லை. ஆகஸ்டு 15க்கு முந்திய வாரத்தில் மட்டும் பலர் திறந்தார்கள். அந்த மாதத்தின் கணக்கு கெட்டுப்போனதால் நாங்கள் இதை முதலில் நம்பவில்லை. ஆனால் அக்டோபர் 2க்கு முன்பும், நவம்பர் 1க்கு முன்பும், ஜனவரி 26க்கு முன்பும் அவ்வாறே நிகழ்ந்தது. இவை கிராம சபை கூடும் நாட்கள் என்பதை நேயர்கள் அறிவீர்கள். சபையில் கணக்கு வாசிக்க வேண்டுமே! ஆண்டில் ஆறு கிராம சபைகளுக்குப் பயன்படும் அறிக்கையை நாள்தோறும் அனுப்பிக்கொண்டிருந்தோம். அதைச் சபைக்குப் பத்து நாட்கள் முன்பு மட்டும் அனுப்புமாறு மாற்றினோம்.

வீட்டுவரி அறிக்கையும் இத்தகையதே. வரி அரையாண்டுக் கணக்கில் வசூலாவதால், அரையாண்டு முடியும் தறுவாயில்தான் அதற்கு வாசகர் கிடைப்பர். ஆகவே ஓர் அறிக்கை எந்தப் பணிக்காகப் பிறந்ததோ, அப்பணி ஒரு முழுச் சுற்று முடியும் வரையிலாவது காத்திருக்க வேண்டும். நாங்கள் 2024 ஜனவரி இறுதி வரை காத்திருந்தோம். தணிக்கைக்காக ஆண்டுக்கு ஒருமுறை தேவைப்படுபவை இந்த அவகாசத்திலும் அடங்கா. அவற்றையும், மேல் அலுவலகங்கள் கட்டாயமாகக் கேட்பவற்றையும் சேர்த்து ஐந்து அறிக்கைகளைத் தொடாமல் ஒதுக்கி வைத்தோம்.

எஞ்சிய 21இல் எட்டு அறிக்கைகளை ஒரு மனிதர்கூடத் திறந்திருக்கவில்லை.

நிறுத்துவது எப்படி?

நிறுத்தப் போகிறோம் என்ற அறிவிப்பை அந்தந்த அறிக்கையின் தலைப்பிலேயே போடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். படிக்கப்படாத அறிக்கையில் போட்ட அறிவிப்பை யார் படிப்பார்? அனைவரும் சிரித்துவிட்டோம். எட்டு அறிக்கைகளின் பெயர்களையும் மாதக் கூட்டத்தில் வாசித்து, ஊராட்சி அலுவலகங்களுக்குத் தாளிலும் அனுப்பினோம். 2024 மார்ச் 1 முதல் அவை நின்றன. நிரல்களை அழிக்கவில்லை, காலை 6 மணிக்கு அவற்றை எழுப்பும் கட்டளையை மட்டும் விலக்கி வைத்தோம். யாராவது கேட்டால் ஐந்து நிமிடத்தில் மீண்டும் தொடங்கிவிடலாம்.

மனிதர் எவரும் கேட்கவில்லை. கேட்டது ஒரு கணக்கு அட்டவணை. தெருவிளக்கு அறிக்கையின் பிரதி ஒன்று அலுவலகக் கணினியில் ஒரு பொது அடைவில் நாள்தோறும் சேமிக்கப்பட்டு வந்தது. கணக்குப் பிரிவில் தெருவிளக்கு மின்கட்டணத்தைச் சரிபார்க்கும் அட்டவணை, விளக்குகளின் எண்ணிக்கையை அந்தப் பிரதியிலிருந்து தானாகவே எடுத்துக்கொண்டிருந்தது. இணைப்பின் வழியாக வராததால் வருகைப் பதிவேட்டில் அதன் சுவடே இல்லை. அறிக்கை நின்றபின் அட்டவணை வெறுமையாகியிருந்தால் உடனே கண்டிருப்போம். அதுவோ பிப்ரவரி இறுதியின் எண்களையே புதிய எண்கள்போலக் காட்டிக்கொண்டிருந்தது. மூன்று வாரம் கழித்து, புதிய விளக்குகள் பொருத்தப்பட்ட ஓர் ஊராட்சியில் எண்ணிக்கை மாறாதிருப்பதைக் கணக்கர் கவனித்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது.

இதிலிருந்து ஒரு வேலை முறையை மேற்கொண்டோம். நிறுத்துமுன், அறிக்கையின் கோப்பு எங்கெல்லாம் சேமிக்கப்படுகிறது என்று பார்க்க வேண்டும். அக்கோப்பின் பெயரை ஒருவாரம் மாற்றி வைத்தால், அதை நம்பியிருக்கும் வேறு அட்டவணைகள் பிழை காட்டித் தம்மைத் தாமே தெரிவித்துக்கொள்ளும். தெருவிளக்குப் பிரதியை மீண்டும் தொடங்கினோம். அதன் மின்னஞ்சலை மட்டும் தொடங்கவில்லை. ஏனைய ஏழும் ஜூன் மாதத்தில் முற்றாக விலக்கப்பட்டன. அவற்றுக்கென மாலையில் விவரம் பதியும் வேலையும் அத்துடன் நின்றது. அதை நிறுத்தாமல் அறிக்கையை மட்டும் நிறுத்தினால், யாரும் பாராத எண்ணை யாரோ ஒருவர் எழுதிக்கொண்டே இருப்பார்.

குடிநீர் அறிக்கை என்னவாயிற்று?

பெண்கள் குடத்துடன் வந்ததற்குக் காரணமான அந்த அறிக்கையை நிறுத்தியிருப்போம் என்று நீங்கள் எண்ணலாம். ஏழு பக்க வடிவில் அதைத் திறந்தவர்கள் சராசரியாக நாளொன்றுக்கு மூவர். அவர்களில் இருவரிடம் பேசினேன். ஒருவர் சொன்னார்: "ஐயா, அதில் தினமும் நாற்பது ஐம்பது தொட்டிகளுக்குச் சுன்னம் இருக்கும். எதைப் பார்ப்பது?" விசாரித்ததில், தொட்டி இயக்குபவர் விவரம் பதியாத நாளிலும் கணினி 0 என்றே அச்சிட்டது தெரிந்தது. தண்ணீர் ஏறவில்லை என்பதும், தகவல் வரவில்லை என்பதும் ஒரே எண்ணாகிவிட்டன. வாசகர்கள் சோம்பலால் விலகவில்லை. அந்தச் சுன்னத்துக்குப் பொருளில்லை என்று அனுபவத்தால் கண்டுகொண்டே விலகியிருந்தார்கள்.

திறப்பாரில்லாத அறிக்கைகளுள் இவ்வாறு இரு வகை உண்டு. ஒன்றில் யாருக்கும் தேவையான செய்தியே இல்லை, அதை நிறுத்திவிடலாம். மற்றொன்றில் உயிரான செய்தி இருந்தும் அது புதைந்து கிடக்கிறது. பதிவேடு இரண்டையும் ஒரே வெறுமையாகத்தான் காட்டும். "இதில் எந்த வரி மாறினால் நாளைக்கே ஒருவர் ஏதேனும் செய்தாக வேண்டும்?" என்று கேட்டே பிரித்தறிய வேண்டும்.

தகவல் வராத தொட்டிக்கு இப்போது 0 என்று போடாமல் "பதிவில்லை" என்று போடப்படுகிறது. ஏழு பக்க மின்னஞ்சல் நின்றது. ஒரு தொட்டியில் தொடர்ந்து இரண்டு நாட்கள் நீர் ஏற்றப்படாவிட்டால், அல்லது மூன்று நாட்கள் பதிவில்லாவிட்டால், அத்தொட்டியின் பெயரை மட்டும் தாங்கிய ஒரு குறுஞ்செய்தி அவ்வூராட்சிச் செயலருக்கும் பணி மேற்பார்வையாளருக்கும் போகும். யாராவது ஒருவர் பதில் அனுப்பாவிட்டால் மறுநாள் எனக்கு வரும். முதல் மாதத்தில் இச்செய்திகளும் மிகுதியாகவே வந்தன. பெரும்பாலானவை பதியாமையால் எழுந்தவை. தொட்டி இயக்குபவர்களிடம் பேசிப் பதிவைச் சீராக்கிய பின் வாரத்துக்கு இரண்டு மூன்றாகக் குறைந்தன. 2024 மே மாதம் மற்றொரு குக்கிராமத்தில் மோட்டார் எரிந்தபோது மூன்றாம் நாள் மாலையில் புதிய மோட்டார் இறங்கியது. மூன்று நாட்களும் நீண்டவைதாம். ஆயினும் பதினொன்று அல்ல.

ஒரே ஒரு வாசகர்

மழையளவு அறிக்கையைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். ஒன்றியத்திலுள்ள மூன்று மழைமானிகளில் காலை 8.30 மணிக்கு எடுக்கும் அளவு, 9 மணிக்கு 46 பேருக்கும் அனுப்பப்பட்டு வந்தது. ஆறு மாதத்தில் அதைத் தொடர்ந்து திறந்தவர் ஒரே ஒரு செயலர். மேலும் இரண்டு பக்கத்துக்கு ஒருவர்! நிறுத்த வேண்டியவற்றின் பட்டியலில் ஒன்பதாவதாக அதைச் சேர்த்துக் கையெழுத்திடும் நிலைக்கு வந்துவிட்டேன். வேறு பணிக்காக அந்த ஊராட்சிக்குச் சென்றபோது அலுவலகச் சுவரிலிருந்த கரும்பலகை கண்ணில் பட்டது. நேற்றைய மழை, இம்மாத மழை, சென்ற ஆண்டு இதே மாத மழை என்று மூன்று வரிகள் சுண்ணக்கட்டியால் எழுதப்பட்டிருந்தன. அருகில் நின்ற ஒரு மானாவாரி விவசாயியிடம், இதை யார் பார்ப்பார்கள் என்று கேட்டேன்.

"யார் பார்க்கமாட்டார்கள் என்று கேளுங்கள், ஐயா. நேற்று எங்கள் தெருவில் பெய்தது. மேற்கே ஏரிப் பக்கம் பெய்ததா என்பது இங்கே வந்தால்தான் தெரியும். கடலைக்கு மேலுரம் போடுவதா, இன்னும் இரண்டு நாள் பார்ப்பதா என்று இதைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்கிறோம்" என்றார் அவர்.

பதிவேட்டில் ஒரே ஒரு வரியாக இருந்தது அந்தத் தெருவின் வாசகர் கூட்டம் முழுவதும். அன்று மாலை மற்ற 45 பேரின் பெயர்களைப் பட்டியலிலிருந்து நீக்கினோம். மழை அறிக்கை இன்றும் காலை 9 மணிக்கு அந்த ஒரு செயலருக்குப் போகிறது. அவர் விடுப்பில் இருக்கும் நாட்களில் பலகையில் எழுத அவ்வூர்த் தொட்டி இயக்குபவரின் பெயரையும் பின்னர் சேர்த்திருக்கிறோம்.